ஆறு விக்கெட்டும் ஓர் ஆட்டுக்கிடாவும்

நியாயம் சொல்லுகிறவன் கொஞ்சம் அவசரக்காரனாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஜவ்வாது மலையில் தெரிந்துகொண்டேன். நீதிமன்றத்தில் அல்ல, ஒரு கிரிக்கெட் மைதானத்தில். மைதானம் என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். ஜமுனாமரத்தூருக்குச் சற்றுத் தள்ளி, சாமை அறுவடையான ஒரு மேட்டு நிலம் அது.

போளூரிலிருந்து மலையேறி அங்கே நாலு நாள் தங்கப் போயிருந்தேன். மூன்றாம் நாள் மாலை, இரண்டு ஊர்ப் பையன்களுக்குள் இருபது ஓவர் பந்தயம். வெற்றி பெற்றவர்களுக்கு ஓர் ஆட்டுக்கிடா பரிசு. கிடாவும் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு புளிய மரத்தடியில் கட்டிக் கிடந்தது. நீலச் சட்டைக்காரர்கள் முதலில் ஆடி, இருபது ஓவரில் 120 ரன் எடுத்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர்கள் பத்து ஓவரில் ஆறு விக்கெட்டை இழந்து 61 ரன் எடுத்திருந்தபோது மழை வந்துவிட்டது. வந்தது சும்மா வரவில்லை. கால் மணி நேரத்தில் ஆடுகளம் நாற்று நடலாம் போல ஆகிவிட்டது.

இனி ஆட்டம் இல்லை என்று தெரிந்ததும் சண்டை தொடங்கிற்று. டீக்கடைக் கூரைக்கடியில் ஒதுங்கியிருந்த என்னிடம் எல்லோரும் வந்தார்கள். நான் பட்டணத்து ஆசாமி. மூக்குக் கண்ணாடி வேறு போட்டிருந்தேன். இந்த இரண்டு தகுதியும் போதும் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

நானும் தயங்காமல் தீர்ப்புச் சொன்னேன். “இருபது ஓவருக்கு 120 என்றால் பத்து ஓவருக்கு 60. இவர்கள் 61 எடுத்திருக்கிறார்கள். ஆகவே மஞ்சள் கட்சிக்கே வெற்றி.”

மஞ்சள் சட்டைகள் கிடாவை அவிழ்க்கப் பறந்தன. நீலச் சட்டைத் தலைவன் மட்டும் நகரவில்லை. நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே, “ஆறு விக்கெட் போயிருச்சே ஸார்! அதுக்கு ஒரு கணக்கும் கிடையாதா?” என்று கேட்டான்.

“ரன் ரேட் என்பது இதுதானப்பா” என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டேன்.

இரவு அறையில் படுத்தபிறகு அவனுடைய கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அந்தப் பையன் கேட்டது சாதாரணக் கேள்வி அல்ல. கிரிக்கெட் உலகம் அந்தக் கேள்வியைத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளப் பல வருஷங்கள் பிடித்தன. நடுவில் ஓர் உலகக் கோப்பைப் பந்தயம் கேலிக்கூத்தாக முடிந்தது. விடை கிடைத்த பிறகும், அதைச் சரியாகப் படிக்கத் தெரியாமல் ஒரு தேசமே கண்ணீர் விட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு நாள் பந்தயங்கள் தொடங்கிய காலத்தில் மழைக்கு ஒரே மருந்துதான் இருந்தது. நான் டீக்கடையில் கொடுத்த அதே மருந்து: ஓவருக்கு இத்தனை ரன் என்ற விகிதம். ஐம்பது ஓவர் ஆட்டத்தில் இரண்டாவது கட்சிக்கு இருபத்தைந்து ஓவர்தான் கிடைத்தால், எதிரி எடுத்ததில் பாதியை எடுத்தால் போதும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பத்து ஆட்டக்காரர்களின் விக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு பாதி தூரம் மட்டும் ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்குமா? ஐம்பது ஓவருக்குக் காப்பாற்றி வைக்க வேண்டிய விக்கெட்டுகளை அவன் இருபத்தைந்து ஓவருக்குள் தாராளமாகச் செலவழிக்கலாம். ஆகவே மழை வந்தாலே இரண்டாவதாக ஆடுகிறவர்களுக்கு யோகம்தான்.

இந்த அநியாயத்தைத் திருத்தப் போய் அதைவிடப் பெரிய அநியாயத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1992-ஆம் வருஷத்து உலகக் கோப்பையில், இரண்டாவது கட்சிக்கு எத்தனை ஓவர் குறைகிறதோ, முதல் கட்சி மிகக் குறைவாக ரன் எடுத்த அத்தனை ஓவர்களைக் கணக்கிலிருந்து தள்ளுவது என்று விதி செய்தார்கள். மார்ச் 22-ஆம் தேதி, ஸிட்னியில் அரை இறுதி. இங்கிலாந்து 45 ஓவரில் 252 ரன் எடுத்திருந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் வேண்டியிருந்தபோது மழை வந்தது. பன்னிரண்டே நிமிஷ மழை! இரண்டு ஓவர் குறைந்தது. இங்கிலாந்தின் மிகச் சோம்பேறியான இரண்டு ஓவர்களில் வந்திருந்தது ஒரே ரன். ஆகவே இலக்கிலும் ஒரே ரன் குறைந்தது. ஆட்டக்காரர்கள் திரும்பி வந்தபோது அவர்கள் முன்னால் இருந்த கணக்கு: ஒரு பந்தில் 21 ரன். இதை எடுக்க மனிதனால் ஆகாது. பார்த்தவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வீட்டுக்குப் போனார்கள்.

இந்தக் கூத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் இரண்டு கணித நிபுணர்கள் பேனாவை எடுத்தார்கள். ஒருவர் பிராங்க் டக்வொர்த், புள்ளியியல்காரர். மற்றவர் டோனி லூயிஸ். கல்லூரியில் கணிதம் போதித்தவர். இருவரும் கண்டுபிடித்த விஷயம் நம்மூர்ச் சிறு வியாபாரி எவருக்கும் தெரிந்ததுதான். சந்தைக்குப் போகிறவன் கையில் எவ்வளவு முதல் இருக்கிறது என்று பார்க்காமல், எவ்வளவு விற்றான் என்பதை மட்டும் வைத்து அவனை எடை போடக் கூடாது.

கிரிக்கெட்டில் ஆடுகிற கட்சிக்கு இரண்டு வகைக் கைம்முதல் உண்டு. ஒன்று, மீதியிருக்கும் ஓவர்கள். இன்னொன்று, மீதியிருக்கும் விக்கெட்டுகள். இரண்டில் எது தீர்ந்தாலும் கடை மூட வேண்டியதுதான். பழைய பந்தயங்கள் பலவற்றின் கணக்கை ஆராய்ந்து, எத்தனை ஓவரும் எத்தனை விக்கெட்டும் கையில் இருந்தால் ஒரு கட்சி தன் மொத்த சக்தியில் நூற்றுக்கு எத்தனை பங்கை இன்னும் வைத்திருக்கிறது என்று அவர்கள் ஓர் அட்டவணை தயாரித்தார்கள். ஐம்பது ஓவர், பத்து விக்கெட் என்றால் அது நூறு. இருபது ஓவரும் பத்து விக்கெட்டும் என்றால் நாற்பது அல்ல, 56.6. பத்து பேரையும் இருபது ஓவருக்குள் செலவழிக்கலாம் அல்லவா? அதனால்தான் இந்த மிகுதி. 1997-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி, ஹராரேயில் ஜிம்பாப்வேயும் இங்கிலாந்தும் ஆடிய பந்தயத்தில் இந்த முறை முதன்முதலாகப் பயன்பட்டது.

நான் அறையில் உட்கார்ந்து, அவர்களுடைய பழைய அட்டவணையைக் கைப்பேசியில் தேடி எடுத்து, எங்கள் மலைப் பந்தயத்தை அதில் போட்டுப் பார்த்தேன். இருபது ஓவர் ஆட்டம். ஆகவே தொடக்கத்தில் கைம்முதல் 56.6. பத்து ஓவர் மீதியிருக்க, நாலு விக்கெட்தான் கையில் இருந்தால், மீதி 22.8 என்கிறது அட்டவணை. அப்படியானால் மஞ்சள் கட்சி செலவழித்தது 33.8. நீலக் கட்சியின் 120 ரன்னை 33.8-ஆல் பெருக்கி 56.6-ஆல் வகுத்தேன். வந்த விடை 71-க்குச் சற்று மேல். அவர்கள் எடுத்திருந்ததோ 61! வெற்றி பெற்றதாக நான் சொன்ன கட்சி உண்மையில் பத்து ரன் வித்தியாசத்தில் தோற்றிருந்தது.

இந்த 71-ஐத்தான் ‘பார் ஸ்கோர்’ என்கிறார்கள். இந்த நிமிஷம் ஆட்டம் நின்றுவிட்டால் இரு கட்சியும் சமம் என்று சொல்வதற்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ, அது. ஒவ்வொரு பந்துக்கும் அது மாறும். ஒரு விக்கெட் விழுந்தால் ஒரே தாவாகத் தாவும். அதே பத்து ஓவர் முடிவில் மஞ்சள் கட்சி இரண்டு விக்கெட் மட்டும் இழந்திருந்தால் பார் ஸ்கோர் 54-தான். நாலு விக்கெட் இழந்திருந்தால் சரியாக 60. அதாவது நான் சொன்ன ரன் ரேட் கணக்கு, நாலு விக்கெட் விழுந்திருந்தால் மட்டும் நியாயமாக இருந்திருக்கும். விழுந்ததோ ஆறு. அந்தப் பையன் அதைத்தான் கேட்டான்.

மழை விட்டு ஆட்டம் மறுபடி தொடங்கினால் என்ன செய்வது? அப்போது பார் ஸ்கோர் போதாது. புதிய இலக்கு வேண்டும். அதுவும் கைம்முதல் கணக்கே. மழையில் ஐந்து ஓவர் போய், மஞ்சள் கட்சி மீதி ஐந்து ஓவரை ஆட வந்திருந்தால், ஆட்டம் நின்றபோது கையில் இருந்தது 22.8, திரும்பத் தொடங்கும்போது, அதே நாலு விக்கெட்டோடு ஐந்து ஓவர் என்றால் 14.3. மழை பறித்தது 8.5. மொத்தம் 56.6-இல் அதைக் கழித்தால் 48.1. இந்த விகிதப்படி 120-ஐக் குறைத்தால் 102-க்கு மயிரிழை குறைவு. ஆக இலக்கு 102. இரண்டு விக்கெட் மட்டும் இழந்திருந்தால் மழை பறித்தது 14 ஆகியிருக்கும். இலக்கும் 91-ஆக இறங்கியிருக்கும். முதல் நிறைய வைத்திருந்தவனிடமிருந்து மழை நிறையத் திருடுகிறது. ஆகவே அவனுக்குச் சலுகையும் அதிகம். ஏற்கெனவே முதலைத் தொலைத்தவனிடம் திருடுவதற்கு அதிகம் இல்லை.

இவ்வளவு நேர்த்தியான கணக்கு கையில் வந்த பிறகு சண்டை ஓய்ந்திருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் டர்பன் கதை வருகிறது.

டர்பன், தென்னாப்பிரிக்காவின் கடற்கரை நகரம். தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிற ஊர். 2003-ஆம் வருஷம் மார்ச் 3-ஆம் தேதி, அங்கே கிங்ஸ்மீட் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவும் இலங்கையும் உலகக் கோப்பைப் பந்தயத்தில் மோதின. தென்னாப்பிரிக்கா அந்தக் கோப்பையைத் தன் வீட்டில் நடத்திக்கொண்டிருந்தது. அடுத்த சுற்றுக்குப் போக இந்தப் பந்தயத்தில் அதற்கு வெற்றி வேண்டும், சமம் போதாது. இலங்கை முதலில் ஆடி 268 ரன் எடுத்தது. மாவன் அத்தபத்து 124. அரவிந்த டி சில்வா 73.

தென்னாப்பிரிக்கா ஆடும்போது தூறல் பிடித்தது. தூறல் வலுக்க வலுக்க, ஆட்டம் எந்த ஓவரோடு நிற்குமோ என்று உள்ளே இருந்தவர்கள் அச்சிட்ட தாளைப் பார்க்கத் தொடங்கினார்கள். டக்வொர்த்-லூயிஸ் தாளில் ஓவர் வாரியாக, விக்கெட் வாரியாக எண்கள் வரிசையாக இருக்கும். நாற்பத்தைந்தாவது ஓவர் முடிவு, ஆறு விக்கெட் நஷ்டம் என்ற கட்டத்தில் இருந்த எண் 229. விக்கெட் விழாமல் இந்த ஓவருக்குள் 229 எடுத்துவிடு என்று ஆடுகளத்திலிருந்த மார்க் பவுச்சருக்குச் செய்தி போயிற்று.

நாற்பத்தைந்தாவது ஓவரைப் போட்டவர் கண்டியில் பிறந்த தமிழர் முத்தையா முரளீதரன். அவருடைய ஐந்தாவது பந்தைப் பவுச்சர் தூக்கி அடித்தார், சிக்ஸர். ஸ்கோர் 229. பவுச்சருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. காரியம் முடிந்தது என்று நினைத்துவிட்டார். மீதி ஒரு பந்து இருந்தது. அதை எதற்கு ஆபத்தாக ஆடுவது? விக்கெட் விழுந்தால் அல்லவா கெடுதல்? ஆகவே கடைசிப் பந்தைப் பத்திரமாகத் தட்டிவிட்டு, ஓடாமல் நின்றார். மழை கொட்டியது, எல்லோரும் உள்ளே போனார்கள், திரும்பி வரவேயில்லை.

இப்போது நீங்களே கணக்குப் போடலாம். ஐந்து ஓவர் மீதி, நாலு விக்கெட் கையில்: மீதிக் கைம்முதல் 14.3. செலவானது 85.7. 268-இல் நூற்றுக்கு 85.7 பங்கு என்றால் 229.68. முக்கால் ரன், அரை ரன் என்று எடுக்க முடியாதாகையால் பின்னத்தைத் தள்ளி 229 என்று வைத்துக்கொள்வார்கள். அது சமம். வெற்றி வேண்டுமென்றால் அதற்கு மேலே போக வேண்டும்; 230. தாளில் அச்சாகியிருந்தது சமத்துக்கான எண். உள்ளே இருந்தவர்கள் அதை வெற்றிக்கான எண்ணாகப் படித்துவிட்டார்கள். பந்தயம் சமம், தென்னாப்பிரிக்கா தன் வீட்டிலேயே கோப்பையிலிருந்து வெளியேறியது. கணக்கில் பிசகு இல்லை. கணக்கைப் படித்ததில் பிசகு. ஷான் பொல்லாக்கின் தலைவர் பதவியும் அதோடு போயிற்று.

இன்னொரு வேடிக்கை. அன்றைக்கு ஓவர் விகிதக் கணக்கே இருந்திருந்தால், 45 ஓவருக்கு 241-க்கு மேல் வேண்டும். பவுச்சர் கட்சி தெளிவாகத் தோற்றிருக்கும். அதே 229 ரன்னை நாலு விக்கெட்டுக்கு எடுத்திருந்தால் பார் ஸ்கோர் 224. ஐந்து ரன் வித்தியாசத்தில் வென்றிருப்பார்கள். எட்டு விக்கெட் போயிருந்தாலோ 242 வேண்டியிருக்கும். ஒரே ரன் எண்ணிக்கை. விழுந்த விக்கெட்டைப் பொறுத்து வெற்றி, சமம், தோல்வி மூன்றும்.

இந்த முறைக்குக் குறைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். மீதியிருக்கும் நாலு விக்கெட்டில் நிற்பவர் பெரிய அடிகாரரா, மட்டையைத் தலைகீழாகப் பிடிப்பவரா என்று அட்டவணைக்குத் தெரியாது. மழைக்குப் பின் பந்து வழுக்குவதும் அதற்குத் தெரியாது. ஸ்கோர் மிகப் பெரிதாக இருக்கும்போது பழைய அட்டவணையின் நேர் விகிதம் சரியாக ஒட்டவில்லை என்று கண்டு, பின்னால் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். 2014-இல் ஸ்டீவன் ஸ்டெர்ன் என்ற பேராசிரியர் பொறுப்பேற்றுத் திருத்தம் செய்த பிறகு, அவர் பெயரும் சேர்ந்து டி.எல்.எஸ். ஆயிற்று. லூயிஸ் 2020-லும் டக்வொர்த் 2024-லும் காலமானார்கள்.

ஆனால் அடிப்படை மாறவில்லை. நம் சென்னையிலேயே அதைப் பார்த்தோம். 2017 செப்டம்பர் 17, சேப்பாக்கம். இந்தியா 87 ரன்னுக்கு ஐந்து விக்கெட்டை இழந்து தடுமாறி, பாண்டியாவும் தோனியும் தூக்கி நிறுத்த, 50 ஓவரில் 281 எடுத்தது. பிறகு மழை. ஆஸ்திரேலியாவுக்கு 21 ஓவரில் 164 என்று இலக்கு வைத்தார்கள். அவர்கள் ஒன்பது விக்கெட்டுக்கு 137 எடுத்து, 26 ரன்னில் தோற்றார்கள். என்னுடைய டீக்கடைத் தீர்ப்பை அங்கே சொல்லியிருந்தால்? 281-இல் 21 ஓவருக்குரிய பங்கு 118. ஆஸ்திரேலியா தாராளமாக ஜெயித்திருக்கும்! அந்த 137-க்கு அவர்கள் ஒன்பது விக்கெட் கொடுத்தார்கள் என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் நீலச் சட்டைத் தலைவனைத் தேடிக்கொண்டு போனேன். மழை விட்டிருந்தது. டீக்கடையில்தான் இருந்தான். “தம்பி, நேற்று நான் சொன்னது தப்பு. 71 வேண்டியிருந்தது. நீங்கள்தான் ஜெயித்தீர்கள்” என்றேன்.

அவன் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. “கிடா ராத்திரியே குழம்பாயிருச்சு ஸார்” என்றான். பிறகு சிரித்துக்கொண்டு, “எங்களையும் கூப்பிட்டுத்தான் போட்டாங்க” என்று சேர்த்துக்கொண்டான்.

ஆனால் விஷயத்தை அவன் அதோடு விடவில்லை. கணக்கை எழுதிக் கொடுக்கச் சொன்னான். கடைக்காரரிடம் ஓர் அட்டை வாங்கி, ஓவர் ஒரு பக்கமும் கையிலிருக்கும் விக்கெட் ஒரு பக்கமுமாகக் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தேன். அதைக் கூரைக் கம்பத்தில் மாட்டினான். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இதுல வர்ற ரன்னை எடுத்தா ஜெயிச்ச மாதிரியா ஸார்?” என்று கேட்டான்.

டர்பனில் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத் தோன்றாத கேள்வி அது. பேனாவை மறுபடி வாங்கி, அட்டையின் அடியில் பெரிதாக எழுதினேன்: ‘இது சமம். வெற்றிக்கு இன்னும் ஒரு ரன்.’